காசு கட்டினால் முடிஞ்சுது என்று நினைக்காதீர்கள்: லண்டன் லைசன்ஸும் ஆறு புள்ளிக் கணக்கும்

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓடுகிற எவருக்கும் அந்தத் தண்டப் பேப்பர் தெரியும். ஆரியகுளம் சந்தியிலோ காங்கேசன்துறை வீதியிலோ பொலிஸ் மறிக்கும், லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பேப்பர் எழுதித் தரும், அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு 14 நாள் ஓடலாம், அதற்குள் தபாற்கந்தோரில் காசைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கைக்கு வந்துவிடும். நாட்களைக் கடத்தினால் தொகை கூடும், இன்னும் கடத்தினால் கோட்ஸ். ஆனால் ஒழுங்காகக் கட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அடுத்த மாதம் வேறொரு சந்தியில் பிடிபட்டால் அது வேறு கதை, புதுப் பேப்பர். இலங்கையிலும் புள்ளி முறை வரப்போகிறது என்று பல வருடமாகப் பேச்சு இருக்கிறது, ஆனாலும் எங்கள் மனதில் ஊறிப்போனது இந்தக் 'கட்டினால் முடிஞ்சுது' கணக்குத்தான்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு லண்டனில் கார் ஓடியதால் என் அக்காவின் மகன் லைசன்ஸை இழந்தான். நான் 16 வருடம் லண்டனில் மினிகாப் ஓடிவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவன். படிக்கவும் பராமரிப்பு வேலைக்கும் இங்கிருந்து போகிற பிள்ளைகளின் வீட்டிலிருந்து மாதம் ஒருவராவது என்னிடம் வந்து அங்கத்தைய லைசன்ஸைப் பற்றிக் கேட்பார்கள். எல்லோருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறதை இந்தத் தடவை எழுதிவிடுகிறேன். நான் சொல்லப்போவது இங்கிலாந்து விதி. கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும், அவுஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கணக்கு வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

முதலில் புள்ளி என்றால் என்ன. அங்கே ஒரு போக்குவரத்துக் குற்றத்துக்கு இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று காசு, மற்றது புள்ளி. காசைக் கட்டினால் காசுப் பாகம் முடிகிறது. புள்ளி உங்கள் பெயரில் டி.வி.எல்.ஏ. என்கிற லைசன்ஸ் அலுவலகத்தின் பதிவில் ஏறி அங்கேயே இருந்துவிடுகிறது. உண்மையில் நீங்கள் காசு கட்டுவதே 'ஓம், நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்கிற செயல், அதனால்தான் புள்ளி ஏறுகிறது. சாதாரண வேகக் குற்றத்துக்கு 100 பவுண் தண்டமும் 3 புள்ளியும். சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் அதேதான். வேகக் குற்றத்தின் புள்ளி பதிவில் 4 வருடம் கிடக்கும், ஆனால் கூட்டிப் பார்க்கிறபோது 3 வருடத்துக்குள் நடந்த குற்றங்களின் புள்ளிகளைத்தான் கூட்டுவார்கள். அந்த 3 வருடத்தை எண்ணுவது குற்றம் நடந்த நாளில் இருந்து அடுத்த குற்றம் நடந்த நாள் வரைக்கும். கடிதம் வந்த நாளுக்கும் காசு கட்டிய நாளுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்திருங்கள், கீழே சொல்லப்போகிற முழுக் கதையும் இதில்தான் நிற்கிறது.

3 வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் கோட்ஸ் உங்களைக் குறைந்தது 6 மாதம் ஓட விடாமல் தடை செய்யும். இது லண்டனில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மினிகாப் நிலையத்தில் இருந்தால் ஒவ்வொருத்தரும் தன்னிடம் எத்தனை புள்ளி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், 'எனக்கு ஆறுதான், இன்னும் ஆறு கிடக்குது' என்று. புதிதாக வருகிற பிள்ளைகளும் இதைக் கேட்டுவிட்டுத் தங்களுக்கும் 12தான் எல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

புதுச் சாரதிக்கு எல்லை 12 இல்லை, 6. இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது, 1995இல் நிறைவேற்றி 1997 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. டெஸ்ட் பாஸ் பண்ணின நாளில் இருந்து 2 வருடம் உங்களுக்குப் பரீட்சார்த்த காலம். அந்த 2 வருடத்துக்குள் செய்த குற்றத்தால் உங்கள் கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேலே போனால் லைசன்ஸ் ரத்து. வயது இதில் கணக்கே இல்லை. யாழ்ப்பாணத்தில் 20 வருடம் வான் ஓடிய 45 வயது அண்ணை அங்கே போய் டெஸ்ட் பாஸ் பண்ணினாலும் அந்த நாளில் இருந்து அவர் புதுச் சாரதிதான்.

மருமகனின் கணக்கைத் தேதியோடு சொல்கிறேன். அவன் டெஸ்ட் பாஸ் பண்ணியது 2023 மார்ச் 12. அதே வருடம் செப்டம்பரில் 30 மைல் வீதியில் 36இல் போய்க் கமராவில் பிடிபட்டான். வீட்டுக்குக் கடிதம் வந்தது, காசும் புள்ளியும் வேண்டாம் என்றால் வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகலாம் என்று. வகுப்புக்குச் சில மணிநேரம், தண்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான ஒரு கட்டணம், புள்ளி கிடையாது. போனான், முடித்தான். இங்கே அவன் செய்ததில் பிழையே இல்லை, வகுப்புத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வகுப்பு 3 வருடத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். அதை அவன் சரியாகக் கவனிக்கவில்லை.

அதோடு வகுப்பு எல்லா வேகத்துக்கும் கிடைக்காது. பொலிஸ் வழக்கமாகப் பின்பற்றுகிற அளவின்படி 30 மைல் வீதியில் 35 தொடங்கி 42 வரைக்கும், 20 மைல் வீதியில் 24 தொடங்கி 31 வரைக்கும் போனவர்களுக்குத்தான் அது. அதற்கு மேலே என்றால் நேரே தண்டமும் புள்ளியும், இன்னும் கூடினால் கோட்ஸ். வகுப்புத் தருவதும் தராததும் பொலிஸின் விருப்பம், உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது.

இரண்டாவது 2024 மே 9. மறுபடி 30 மைல் வீதி, 37இல் போனான். வகுப்பெடுத்து 3 வருடம் ஆகாததால் இந்தத் தடவை 100 பவுணும் 3 புள்ளியும். கட்டினான். அன்று எனக்குப் போன் எடுத்தபோது, "மாமா, காசு கட்டீட்டன், பிரச்சினை முடிஞ்சுது" என்றான். நானும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன், அதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வசனம்தான்: அடுத்த மார்ச் வரைக்கும், பத்து மாதத்துக்கு, உன்னிடம் இன்னொரு பிழைக்கு இடமில்லை.

மூன்றாவது 2025 பெப்ரவரி 27. 20 மைல் வீதியில் 27. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் பல பகுதிகளில் உள்வீதிகள் எல்லாம் 20 மைல் ஆகிவிட்டன, வேல்ஸில் 2023 செப்டம்பரில் இருந்து 30 ஆக இருந்த பெரும்பாலான வீதிகளே 20 ஆகிவிட்டன. 20 மைல் என்றால் மணிக்கு 32 கிலோமீற்றர். எங்கள் ஊரில் குடிமனைப் பகுதியில் 50 கிலோமீற்றரில் ஓடிப் பழகிய காலுக்கு 32 என்பது கார் நிற்கிறது மாதிரி இருக்கும். 27 மைல் என்பது 43 கிலோமீற்றர், எங்கள் கண்ணுக்கு மெதுவான ஓட்டம். அவன் வேகமாக ஓடுகிற பிள்ளை இல்லை. மூன்று தடவையும் எல்லையைத் தாண்டியது ஆறு ஏழு மைல்தான். லைசன்ஸ் இழக்கிற புதுச் சாரதிகளில் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடிதம் மார்ச்சில் வந்தது. தான்தான் ஓடினேன் என்று எழுதி அனுப்பினான். தண்டச் சீட்டு மார்ச் கடைசியில் வந்தது, ஏப்ரலில் கட்டினான். அவனுடைய மனக்கணக்கு இப்படி: மார்ச் 12ஓடு 2 வருடம் முடிந்துவிட்டது, புள்ளி ஏறுவது ஏப்ரலில், ஆகவே நான் இப்போது பழைய சாரதி, எல்லை 12. மேயில் டி.வி.எல்.ஏ.யின் கடிதம் வந்தது, லைசன்ஸ் ரத்து என்று. குற்றம் நடந்தது பெப்ரவரி 27, அது 2 வருடத்துக்குள். 2024 மேயின் 3, இதன் 3, கூட்டினால் 6. புள்ளி எப்போது ஏறினாலும் கணக்கு குற்றம் நடந்த நாளுக்குத்தான். இரண்டே கிழமை பிந்தி, மார்ச் 14இல் இதே பிழை நடந்திருந்தால் 6 புள்ளி பதிவில் இருந்திருக்கும், லைசன்ஸ் கையில் இருந்திருக்கும்.

அவன் உடனே கேட்டது, "மாமா, கோட்ஸுக்குப் போய் வேலை போகுது எண்டு சொல்லலாமே?" என்றுதான். முடியாது. இந்த ரத்தைச் செய்வது கோட்ஸ் இல்லை, டி.வி.எல்.ஏ. தானாகச் செய்கிறது, அதற்கு விருப்பு வெறுப்பு இல்லை, எண் ஆறானால் கடிதம் போகும். 12 புள்ளிக்காரர் கோட்ஸில் நின்று 'விதிவிலக்கான கஷ்டம்' என்று வாதாடலாம், புதுச் சாரதிக்கு அந்த வாசலே இல்லை. அந்தக் குற்றமே நடக்கவில்லை அல்லது புள்ளி பிழையாகப் போடப்பட்டது என்று மேன்முறையீடு செய்யலாம், அவ்வளவுதான். வழக்கு கோட்ஸுக்குப் போன சிலர், 'எனக்குப் புள்ளி போடாமல் கொஞ்ச நாள் தடை செய்யுங்கோ, அப்படியென்றால் திரும்ப டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை' என்று கேட்பதுண்டு. நீதவான்களுக்கான வழிகாட்டலிலேயே இது பொதுவாகப் பொருத்தமில்லை, சட்டத்தின் நோக்கத்தைச் சுற்றிப்போகிற வழி என்று எழுதியிருக்கிறது. ஆகவே சட்டத்தரணிக்குக் காசைக் கொட்டமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரத்து என்றால் மறுபடி முதலில் இருந்து. பழகுநர் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எழுத்துப் பரீட்சை, அப்புறம் ஓடிக் காட்டுகிற டெஸ்ட். காத்திருக்க வேண்டிய காலம் என்று சட்டத்தில் ஒன்றுமில்லை, அடுத்த நாளே விண்ணப்பிக்கலாம், ஆனால் லண்டனில் டெஸ்டுக்குத் தேதி எடுப்பதற்கே மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. அதுவரைக்கும் எல் பலகை கட்டி, தகுதியுள்ள ஒருவரைப் பக்கத்தில் இருத்தித்தான் ஓடலாம். தனியாக ஓடினால் லைசன்ஸ் இல்லாத குற்றத்தோடு காப்புறுதியும் போய்விடும். இன்னொன்று, திரும்பப் பாஸ் பண்ணினாலும் பழைய 6 புள்ளி அழியாது. 12 புள்ளியில் தடை செய்யப்பட்டவருக்கு அந்தப் புள்ளிகள் துடைபட்டுவிடும், ரத்தானவருக்கு அப்படியில்லை, ஆறோடுதான் மறுபடி தொடங்குவார். ஒரு சின்ன ஆறுதல், இரண்டாவது தடவை பாஸ் பண்ணியபின் அந்த 2 வருடப் பரீட்சார்த்த காலம் திரும்ப வராது, எல்லை 12 ஆகிவிடும்.

மருமகனுக்கு மூன்று பிழையில் போனது. ஒரே பிழையில் போகிற வழிகளும் இருக்கின்றன, அவற்றை நான் இன்னும் பயமாகப் பார்க்கிறேன். மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது கையில் போன். 2017 மார்ச்சில் இருந்து இதற்கு 6 புள்ளியும் 200 பவுணும், பதிவில் CU80 என்று விழும். புதுச் சாரதிக்கு அன்றே லைசன்ஸ் முடிந்தது. பேசினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். 2022 மார்ச்சில் சட்டத்தை இறுக்கினார்கள், பாட்டு மாற்றப் போனைக் கையில் எடுத்தாலும் படம் எடுத்தாலும் குற்றம்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் அர்த்தம். ஊரில் இருந்து அம்மா வட்ஸ்அப்பில் எடுக்கிறா, அங்கே பிள்ளை விளக்கில் நிற்கிறது, யார் என்று பார்க்கக் கையில் எடுக்கிறது, பக்கத்தில் பொலிஸ் மோட்டார் சைக்கிள். இங்கிருக்கிற அம்மாமாரிடம் நான் கேட்பது, பிள்ளை வேலைக்கு ஓடிப் போகிற நேரம் தெரிந்தால் அந்த நேரம் எடுக்காதீர்கள், எடுத்து அறுத்தால் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வழிகாட்ட வேண்டுமென்றால் போனைத் தாங்கியில் பூட்டி, போகிற இடத்தை வீட்டு வாசலிலேயே அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முன் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுங்கள். மடியில் வைத்தால் கை போகும்.

இரண்டாவது காப்புறுதி. எங்கள் சனத்துக்கு இது பெரிய பொறி, ஏனென்றால் எங்களிடம் 'மச்சான், காரைக் கொஞ்சம் தா' என்பது சாதாரணம். ஊரில் வாகனத்துக்குக் காப்புறுதி இருந்தால் யார் ஓடினாலும் பெரிதாக எவரும் கேட்பதில்லை. அங்கே காப்புறுதி பெரும்பாலும் காருக்கும் அதில் பெயர் குறித்த ஆளுக்கும் சேர்த்து. உங்கள் பெயர் அதில் இல்லாமல் மச்சானின் காரை ஒரு மைல் ஓடினாலும் காப்புறுதி இல்லாத குற்றம், பொலிஸ் கையோடு தந்தால் 300 பவுணும் 6 புள்ளியும், காரையும் ஏற்றிக்கொண்டு போகலாம். காரைத் தந்த மச்சானுக்கும் தனியாகக் குற்றம், அவருக்கும் புள்ளி.

இதிலே இன்னொரு வடிவம், இப்போது நிறையப் பிள்ளைகள் மாட்டுவது, சாப்பாடு விநியோகம். சொந்தக் கார், சொந்தப் பெயரில் காப்புறுதி, ஆனால் அது வீட்டுத் தேவைக்கும் வேலைக்குப் போய்வரவும் மட்டும் எடுத்தது. பின்னேரம் இரண்டு மணிநேரம் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த நேரத்துக்குக் காப்புறுதி இல்லாததற்குச் சமம். பொலிஸ் மறித்துப் பின் சீட்டில் இருக்கிற பையைப் பார்த்துவிட்டு நேரே காப்புறுதிக் கம்பனிக்கே போன் எடுத்துக் கேட்கும். கூலிக்குப் பொருள் கொண்டுபோகிற வேலைக்கென்று தனிக் காப்புறுதி இருக்கிறது, மணிக்கணக்குக்கும் விற்கிறார்கள். அதை எடுக்காமல் ஒரு பொதியும் ஏற்றாதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் நெஞ்சை உறுத்துவது, ஏனென்றால் ஆள் ஒன்றுமே தெரியாமல் இழப்பது. வேகக் கமரா காரைத்தான் பிடிக்கிறது, ஆளை இல்லை. அதனால் பொலிஸ் காரின் பதிவுப் பத்திரத்தில் இருக்கிற முகவரிக்கு 14 நாளுக்குள் கடிதம் அனுப்பி, யார் ஓடியது என்று கேட்கும். நீங்கள் 28 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதுவே தனிக் குற்றம், பதிவில் MS90, 6 புள்ளி, 1000 பவுண் வரைக்கும் தண்டம். வேகத்துக்கு 3 புள்ளியோடு, ஏன் வகுப்போடுகூட, போயிருக்க வேண்டியது பதில் எழுதாததால் ஆறாகிறது.

இனி எங்கள் பிள்ளைகள் வாழ்கிற விதத்தை யோசித்துப் பாருங்கள். முதலில் ஒரு அறை, ஆறு மாதத்தில் வேலைக்குக் கிட்ட வேறொரு அறை, பிறகு நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீடு. கார் வாங்கிய நாளில் கொடுத்த முகவரி பழைய அறை. கடிதம் அங்கே போய் வாசலில் கிடக்கிறது, அங்கே இப்போது இருக்கிறவர் அதைக் குப்பையில் போடுகிறார். பதில் இல்லை, கோட்ஸ் அழைப்பும் அதே முகவரிக்கு, ஆள் வராமலே தீர்ப்பு. கடைசியில் ஒரு நாள் பொலிஸ் மறிக்கும்போதுதான் தெரியும், லைசன்ஸ் ரத்தாகி மாதக்கணக்கு என்று.

வீடு மாறினால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும், லைசன்ஸில் ஒரு தடவை, V5C என்கிற காரின் பதிவுப் பத்திரத்தில் இன்னொரு தடவை. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது, கமராக் கடிதம் போவது இரண்டாவதின் முகவரிக்கு. இரண்டுக்கும் காசு கிடையாது, இணையத்திலேயே செய்யலாம். பழைய வீட்டுக்காரரோடு ஒரு சொல் பேசி வைப்பதும் நல்லது, கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்புங்கோ என்று.

உங்களுக்குத் தெரியாமல் தீர்ப்பாகிவிட்டது என்று தெரியவந்தால் கையைப் பிசைந்துகொண்டு இருக்காதீர்கள். தெரியவந்த நாளில் இருந்து 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் சத்தியக் கூற்று ஒன்று கொடுக்கலாம், எனக்கு இந்த வழக்கே தெரியாது என்று. ஏற்றுக்கொண்டால் அந்தத் தீர்ப்பு விழுந்து வழக்கு முதலில் இருந்து தொடங்கும். 21 நாள் என்பது குறுகிய காலம், அதனால் தெரிந்த அன்றே தொடங்குங்கள். அந்தக் கூற்றில் பொய் எழுதுவது அதைவிடப் பெரிய குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடிதத்துக்குப் பதில் எழுதுகிற இடத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அன்பினால் வருவது. பிள்ளைக்கு 3 புள்ளி ஏற்கனவே இருக்கிறது, இன்னொரு கடிதம் வருகிறது. சித்தப்பா சொல்வார், "என்ர லைசன்ஸ் சுத்தமாத்தான் கிடக்குது, நான் ஓடினதெண்டு எழுது, மூண்டை நான் எடுக்கிறன்." எங்கள் குடும்பங்களில் இப்படிச் சொல்ல ஆள் இருக்கும், சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அது நீதியின் போக்கைத் திரிக்கிற குற்றம், புள்ளியோடு போகாது, சிறை. பிரிட்டனில் மந்திரியாக இருந்த கிறிஸ் ஹியூன் தன் வேகப் புள்ளியை 2003இல் அப்போதைய மனைவி விக்கி பிரைஸின் பெயரில் போட்டார். பத்து வருடம் கழித்து, 2013இல், இரண்டு பேருக்கும் எட்டெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. போனது மூன்று புள்ளியைக் காப்பாற்ற. விசாவில் இருக்கிற பிள்ளைக்குக் குற்றத் தீர்ப்பு என்றால் லைசன்ஸ் மட்டும் இல்லை, அங்கே இருப்பதே கேள்விக்குறி. சித்தப்பா கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் ஊர் லைசன்ஸோடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே குடியிருக்கத் தொடங்கி 12 மாதம் இலங்கை லைசன்ஸில் ஓடலாம். அதற்குப் பிறகு டெஸ்ட் எடுக்க வேண்டும், இலங்கை லைசன்ஸைக் கொடுத்து அங்கத்தையதை மாற்றி வாங்க முடியாது. அந்த முதல் வருடத்தில் பிடிபட்டால் இலங்கை லைசன்ஸில் அவர்களால் எழுத முடியாதே, புள்ளி எங்கே ஏறும் என்று கேட்கிறவர்கள் உண்டு. டி.வி.எல்.ஏ. உங்கள் பெயரில் ஒரு பதிவைத் திறந்து அதில் ஏற்றி வைக்கும், பிறகு நீங்கள் அங்கத்தைய லைசன்ஸ் எடுக்கும்போது அது உங்களோடு வந்து சேரும். பழகுநராக இருக்கும்போது வாங்கிய புள்ளியும் அப்படியே. அதனால் 3 புள்ளியோடு டெஸ்ட் பாஸ் பண்ணுகிறவருக்கு ஆறு என்ற எல்லையில் மிச்சம் இருப்பது மூன்றுதான், பாஸ் பண்ணின அடுத்த நாள் ஒரு சின்ன வேகக் குற்றம் நடந்தாலே போதும்.

2 வருடம் தாண்டியவர்களுக்கு எல்லை 12, அதைக் கொஞ்சம்தான் சொல்லப் போகிறேன். 12 ஆனால் முதல் தடவை குறைந்தது 6 மாதம். முந்தைய 3 வருடத்துக்குள் 56 நாளோ அதற்கு மேலோ ஒரு தடை ஏற்கனவே வாங்கியிருந்தால் இந்தத் தடவை குறைந்தது ஒரு வருடம், அப்படி இரண்டு தடை இருந்தால் இரண்டு வருடம். திரும்பத் திரும்பச் செய்கிறவருக்குக் கணக்கு இப்படித்தான் ஏறுகிறது. கஷ்டத்தைச் சொல்லி வாதாடுகிறவர்கள், வேலை போகும் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் எடுபடாது. மற்றவர்களுக்கு, உதாரணமாகப் படுக்கையில் இருக்கிற தாய்க்கு, என்ன நடக்கும் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். ஒரு தடவை சொல்லித் தப்பிய அதே காரணத்தை அடுத்த 3 வருடத்துக்குள் திரும்பச் சொல்ல முடியாது. மதுபோதை இந்தப் புள்ளிக் கணக்குக்கே வெளியே: முதல் தடவையே குறைந்தது ஒரு வருடத் தடை, 10 வருடத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் குறைந்தது மூன்று வருடம்.

சரி, புதுச் சாரதி ஒருவர் இன்றைக்கே என்ன செய்யலாம்? gov.uk/view-driving-licence என்ற பக்கத்துக்குப் போய், லைசன்ஸ் இலக்கம், தேசியக் காப்புறுதி இலக்கம், லைசன்ஸில் இருக்கிற தபால் குறியீடு மூன்றையும் அடித்தால் உங்கள் பதிவு அப்படியே தெரியும். எத்தனை புள்ளி, எந்தக் குற்றம், எந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். SP30 என்றிருந்தால் அது சாதாரண வீதியின் வேகக் குற்றம். இதைப் பார்த்து ஒரு பேப்பரில் மூன்று தேதி எழுதுங்கள். பாஸ் பண்ணின நாளுக்கு 2 வருடம் எப்போது முடிகிறது, ஒவ்வொரு குற்ற நாளுக்கும் 3 வருடம் எப்போது முடிகிறது, வகுப்பு எடுத்திருந்தால் அதற்குக் காரணமான குற்ற நாளுக்கு 3 வருடம் எப்போது முடிகிறது. அந்தப் பேப்பரைக் காருக்குள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள்.

வேகத்துக்கு நான் மினிகாப் ஓடும்போது செய்தது, காரிலேயே இருக்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பொத்தானைப் பாவிப்பது. 20 வீதிக்குள் திரும்பினவுடன் 20இல் பூட்டிவிட்டால் கால் வழக்கம்போலக் கொஞ்சம் கூட அழுத்தினாலும் கார் கூடப் போகாது, ஆனால் அடிவரை அழுத்தினால் பல கார்களில் அந்தப் பூட்டு விட்டுவிடும். எல்லாக் காரிலும் இல்லை, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். இல்லாத காரில், இரண்டாவது கியரிலேயே வைத்தால் கார் சத்தம் போட்டு உங்களுக்கு நினைவூட்டும். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், அவருக்கு 12, உங்களுக்கு 6. தெருவிளக்கு இருக்கிறது, வேக அடையாளம் ஒன்றுமே கண்ணில் படவில்லை என்றால் இங்கிலாந்தில் அது 30 மைல் வீதி, ஆனால் லண்டனுக்குள் அப்படி ஒரு சந்தேகம் வந்தால் அடுத்த அடையாளம் தெரியும்வரை 20இல் போங்கள்.

மருமகன் இப்போது இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறான். எழுத்துப் பரீட்சை திரும்பப் பாஸ் பண்ணிவிட்டான், ஓட்ட டெஸ்டுக்குத் தேதிக்காகக் காத்திருக்கிறான். போன கிழமை எடுத்தபோது, 2024 மேயில் வாங்கிய 3 புள்ளி எப்போது கணக்கில் இருந்து விழும் என்று கேட்டான். குற்ற நாள் மே 9, அதில் இருந்து மூன்று வருடம், 2027 மே என்று சொன்னேன். அடுத்த மூன்றுக்கு 2028 பெப்ரவரி கடைசி என்று அவனே கணக்குப் பார்த்துச் சொன்னான்.